அக்கா தலையில் கட்டிய சில்லறை

எங்கள் ஆபீசில் அவருக்குப் பேர் சைபர். முகத்துக்கு நேரே "சார்". அவர் நாற்காலியை விட்டு எழுந்து கழிப்பறைப் பக்கம் போனால், "சைபர் எங்கே போச்சு?" இந்தப் பேரை வைத்த புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியாது. தெரிந்தால் வாயில் ஒரு கை சர்க்கரை அள்ளிப் போடுவேன்.

பெயிண்ட், வார்னிஷ், பைப் எல்லாம் மொத்தமாக வாங்கிச் சின்னக் கடைகளுக்கு விற்கிற கம்பெனி எங்களுடையது. கீழே கிடங்கு, மேலே கணக்குப் பிரிவு. பெயிண்டில் கலக்கிற தின்னர் வாடை மாடிப்படி ஏறி வந்து எங்கள் புடவையில் எல்லாம் உட்கார்ந்துகொள்ளும். கடைக்காரர்கள் கட்டுகிற பணத்தை வரவு வைப்பது என் வேலை. எனக்கு எதிரே கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை. அதற்குள் தலைமைக் கணக்கர், அதாவது சைபர்.

ஆள் ஒல்லி. சட்டைப் பையில் மூன்று பேனா, அதில் இரண்டு எழுதாது. தூக்கிப் போட மனசு வராது அவருக்கு. டீக்குப் பணம் பிரிக்கும்போது, "நான் சர்க்கரை இல்லாம குடிக்கிறேன், எனக்கு அதே ரேட்டா?" என்று கேட்ட மனிதர். கிடங்கில் ஒருவருக்கு அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஆளாளுக்குப் பணம் போட்டோம். சைபரும் போட்டார். போட்டுவிட்டு, ரசீது உண்டா என்று கேட்டார். வெட்கம் என்ற சாமானை அந்த மனுஷனைப் பெற்றவர்கள் வீட்டுக்கே வாங்கவில்லை போலிருக்கிறது.

அவருடைய மனைவியை ஆண்டு விழாக்களில் பார்த்திருக்கிறேன். நல்ல பெண்மணி, எப்படித்தான் மாட்டிக்கொண்டாரோ. "வீட்டுல சோப்பு தேய்ஞ்சு போனா, எத்தனை நாள்ல தேய்ஞ்சதுன்னு கேக்கறாரும்மா உங்க சாரு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். கண்ணில் சிரிப்பு இல்லை.

இதெல்லாம் கஞ்சத்தனம், ஊரில் நாலு பேர் இப்படி இருப்பார்கள், போகட்டும் என்று விடலாம். நான் சொல்ல வந்தது அவருடைய பெருமையைப் பற்றி. அந்தப் பெருமை ஒரு பொம்பளையின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

முதலில் இந்தச் சில்லறை விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பில்லில் பத்துப் பதினைந்து சாமான் இருக்கும். ஒவ்வொரு சாமானுக்கும் டிஸ்கவுண்ட் போக மிஞ்சிய விலையில் வரி போட்டால், அரைக்காசு முக்கால் காசு என்று வால் நீளும். எங்கள் கம்ப்யூட்டர் ஒவ்வொரு வரியிலும் வாலை நறுக்கிவிட்டுக் கூட்டும். கடைக்காரர் மொத்தத்துக்கும் சேர்த்து வரி போட்டுக் கடைசியில் நறுக்குவார். இரண்டு பேர் கணக்கும் சரி, ஆனால் நடுவில் இரண்டு காசு மூன்று காசு இடிக்கும். போதாக்குறைக்கு பில்லின் அடியில் 'ரவுண்ட் ஆஃப்' என்று ஒரு வரி, சில்லறையை எடுத்துவிட்டு முழு எண் ஆக்குவதற்கு. சிலர் அந்த முழு எண்ணைக் கட்டுவார்கள், சிலர் தங்கள் கணக்குப்படி கட்டுவார்கள். வருஷம் முடிகிறபோது ஒவ்வொரு கடையின் கணக்கிலும் ஒட்டடை மாதிரி ஏதாவது தொங்கும். ஒருத்தர் மூன்று காசு பாக்கி, இன்னொருத்தர் நாற்பது காசு கூடக் கட்டியிருப்பார்.

இதைத் துடைப்பது உலகத்தில் எல்லாக் கம்பெனியிலும் நடக்கிற வேலைதான். பத்து ரூபாய்க்குக் கீழே தொங்குகிற பாக்கிகளை எல்லாம் ஒரு பட்டியலாக எடுக்க வேண்டியது. ஒரே ஆள் பேரில் மாதா மாதம் வருகிறதா, விலை தப்பாகப் போட்டதா என்று ஒரு பார்வை பார்க்க வேண்டியது. நிஜமாகவே சில்லறைதான் என்றால் கடைக்காரர் கணக்கிலிருந்து எடுத்து, 'ரவுண்டிங் வித்தியாசம்' என்று அதற்கென்றே இருக்கிற கணக்கில் எழுதித் தள்ள வேண்டியது. அடியில் முதலாளி கையெழுத்து. ஒரு மத்தியானத்து வேலை. ஆடிட்டர் வந்தால் பட்டியலையும் கையெழுத்தையும் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

சைபர் மட்டும் எழுதித் தள்ளவே மாட்டார். "என் கணக்குல தள்ளுபடி சைபர்" என்பார். அதுதான் பேர் வந்த கதை. அவருடைய ரவுண்டிங் கணக்கில் வருஷம் பூராவும் ஒரு வரி இருக்காது. கழுவித் துடைத்த தட்டு மாதிரி வெறுமையாக இருக்கும். என்றைக்கோ ஒரு ஆண்டு விழாவில் இதற்காக முதலாளி கையால் அவருக்கு ஒரு ஷீல்டு கிடைத்தது. 'தள்ளுபடி இல்லாத கணக்கு' என்று பொன் எழுத்து. அதே விழாவில் எனக்கும் ஒன்று கிடைத்தது, நேரம் தவறாமைக்கு. என் வீட்டில் அது காற்றில் கதவு அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்து நிற்கிறது. அவர் தன்னுடையதை மேஜை மேல் நட்டு வைத்து, வாரா வாரம் திங்கட்கிழமை கைக்குட்டையால் துடைப்பார். புதிதாக யார் வந்தாலும் அதைப் பார்க்காமல் அந்த அறையை விட்டு வெளியே வர முடியாது.

சரி, எழுதித் தள்ளாமல் அந்த ஒட்டடை எல்லாம் எங்கே போயிற்று?

வருஷக் கடைசி நாள் வந்தால் சைபர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். ஒவ்வொரு கடையிலும் தொங்குகிற சில்லறையை எடுத்து, கடையை மூடிவிட்டுப் போன யாராவது ஒருத்தர் கணக்குக்கு மாற்றிவிடுவார். மூடின கடைக்கு யாரும் பில் போடப் போவதில்லை, பாக்கி கேட்டுக் கடிதமும் போகாது. நடப்பில் இருக்கிற கடைகளின் பட்டியலில் அந்தப் பேர் வரவே வராது. மற்ற முந்நூறு கடைகளும் பளபளவென்று பூஜ்யத்தில் நிற்கும். குப்பையைப் பெருக்கிப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளிவிட்டு, என் வீடு எவ்வளவு சுத்தம் பார் என்று நெஞ்சை நிமிர்த்துகிற ஜாதி.

"சார், இது முறையில்லையே. அந்தக் கடைக்காரர் பேர்ல வேற யாரோட பாக்கியோ நிக்குதே" என்று ஒருமுறை கேட்டேன். என் திரையில் எல்லாம் தெரியுமே, கண்ணை மூடிக்கொண்டா வரவு வைக்க முடியும்?

"நீ உன் வேலையப் பாரும்மா. கூட்டல் கழித்தல் எல்லாம் போக அங்க நிக்கறது மூணே காசு. மூணு காசுக்கு முறையாம் முறை!" என்றார்.

அது உண்மைதான், அப்போது. பழைய கம்ப்யூட்டர் பில்லைக் கிட்டத்தில் இருக்கிற முழு எண்ணுக்கு ரவுண்ட் செய்யும். ஒருத்தருக்கு ஏறும், ஒருத்தருக்கு இறங்கும். ஒரே இடத்தில் கொட்டினால் ஒன்றையொன்று சாப்பிட்டுவிட்டு மிஞ்சுவது காசுக் கணக்கில்தான் இருக்கும்.

பிறகு புது சாஃப்ட்வேர் வந்தது. அதை அமைத்துக் கொடுத்தவர்கள் என்ன நினைத்தார்களோ, பில் எதுவாக இருந்தாலும் மேல் எண்ணுக்கே ரவுண்ட் ஆகும்படி வைத்துவிட்டார்கள். ஆயிரத்து இருநூறும் முப்பது காசும் என்றால் எங்கள் பில் ஆயிரத்து இருநூற்று ஒன்று. கடைக்காரர் பழைய வழக்கப்படி ஆயிரத்து இருநூறு கட்டுவார். நமக்கு முழுசாக ஒரு ரூபாய் குறையும். கூடுதலாகக் கட்டுகிறவர் என்று ஒருத்தரும் கிடையாது. எல்லாம் ஒரே பக்கம். ஒரு கடைக்கு வருஷத்தில் நாலு, ஐந்து ரூபாய். முந்நூறு கடைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைமைக் கணக்கர் என்று பலகை மாட்டிய ஆளுக்கு, ஏன் எல்லாம் ஒரே பக்கமாக வருகிறது என்று ஒரு நிமிஷம் யோசிக்கத் தோன்றவில்லை. ஷீல்டு இருக்கும்போது மூளை எதற்கு?

அந்த வருஷம் அவர் அத்தனையும் கொண்டுபோய்க் கட்டியது பெயிண்ட் அக்கா தலையில்.

பெயிண்ட் அக்கா என்றால் கணக்குப் பிரிவில் எல்லாருக்கும் தெரியும். பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் சின்னதாகக் கடை. வீட்டுக்காரர் போன பிறகு தனியாகவே நடத்தினார். ஒரு பில்லைக்கூட நாள் கடத்தமாட்டார். தானே வந்து கட்டிவிட்டு, என் மேஜை முனையில் சாய்ந்துகொண்டு, "சுவத்துக்கு வெள்ளை அடிக்கிறவன் சட்டை மட்டும் ஏன் எப்பவும் பச்சையா இருக்கு சொல்லு?" என்று ஏதாவது கேட்டுச் சிரிக்க வைத்துவிட்டுப் போவார். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று காலி செய்யச் சொன்னபோது, கடைசி பில்லையும் கட்டிக் கணக்கைப் பூஜ்யம் ஆக்கிவிட்டுத்தான் போனார். கடனில் சாமான் எடுப்பதற்காக எங்களிடம் கட்டியிருந்த டெபாசிட்டை மட்டும் எடுக்கவில்லை. "வேற இடம் பாத்துட்டு மறுபடி உங்ககிட்டதானே வரப்போறேன், இருக்கட்டும்" என்றார்.

அந்த டெபாசிட்தான் சைபர் கண்ணை உறுத்தியது. மூடின கடைகள் இன்னும் நாலு இருந்தன. அக்காவை ஏன் பிடித்தார் தெரியுமா? நாளைக்கு யாராவது கேட்டால், "அவங்க டெபாசிட் நம்மகிட்ட இருக்கே, பயம் என்ன?" என்று சொல்லிக்கொள்ளலாமாம். அவர் வாயாலேயே கேட்டேன். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அதற்கு அடுத்த வருஷக் கடைசி வாரத்தில் அக்கா வந்தார். இரண்டு வருஷத்தில் கொஞ்சம் இளைத்திருந்தார், வாய் இளைக்கவில்லை.

"இடம் கிடைச்சிடுச்சும்மா! ரெண்டு ஷட்டர், முன்னாடி நிழல். கட்டடக்காரர் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் நிறுத்தி வைப்பாராம். அட்வான்ஸுக்கு உங்ககிட்ட இருக்கற டெபாசிட்தான். அப்புறம் பாக்கி இல்லைன்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க. டைல்ஸ் மொத்த வியாபாரிகிட்ட புதுசா கணக்குத் திறக்கறேன், அவரு அதக் கேக்கறாரு."

எங்கள் தொழிலில் அது வழக்கம். புதிதாக ஒருத்தருக்குக் கடனில் சாமான் கொடுக்குமுன் ஒரு மொத்த வியாபாரி இன்னொருவருக்கு போன் போட்டு, ஆள் எப்படி என்று விசாரிப்பார். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அக்காவுக்குச் சாமான் வராது. டெபாசிட் வராவிட்டால் கடையே வராது.

நான் அக்கா கணக்கைத் திறந்தேன். ஆயிரத்து நானூற்றுப் பதினெட்டும் அறுபது காசும் பாக்கி என்று நின்றது. பாக்கி நிற்கிற கணக்குக்குக் கம்ப்யூட்டர் டெபாசிட்டும் விடாது, கடிதமும் அடிக்காது. சைபர் அறைக்குள் போனேன்.

"சார், பெயிண்ட் அக்கா வந்திருக்காங்க. நீங்க அவங்க பேர்ல போட்டு வச்சதை எடுத்துடுங்க. ரவுண்டிங்னு எழுதித் தள்ளிட்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்."

ஷீல்டை ஒரு பார்வை பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "அந்தம்மாவ உள்ள வரச் சொல்லு" என்றார்.

அக்கா உட்கார்ந்தார். நான் வாசலிலேயே நின்றேன், போகச் சொன்னால் சொல்லட்டும் என்று.

"உங்க பேர்ல ஆயிரத்து நானூத்திப் பதினெட்டு அறுபது நிக்குதும்மா. கட்டிட்டீங்கன்னா மத்தத உடனே பண்ணிடலாம்" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

அடப்பாவி! ஊர்ச் சில்லறை அத்தனையையும் அவள் தலையில் கட்டிவிட்டு, அதற்கு அவளிடமே வசூலா?

அக்கா கைப்பையைத் திறந்தார். "கட்டிடலாம் சார், என்ன இப்போ. எந்த பில்லு?"

"பில்லுன்னு தனியா இல்ல. கணக்குல வந்த வித்தியாசம்."

"வித்தியாசம் பில்லுலதானே சார் வரும்? நான் கடைய மூடி ரெண்டு வருஷம் ஆச்சு. மூடின கடைக்கு என்னத்த அனுப்பினீங்க?"

"இது சிஸ்டம்ல வர்றதும்மா. உங்களுக்குச் சொன்னா புரியாது."

கைப்பையின் ஜிப்பை அக்கா சர்ரென்று இழுத்து மூடினார். "புரியாததுக்கெல்லாம் நான் காசு குடுக்கறதில்ல சார். புரியற மாதிரி சொல்லுங்க, எண்ணி வச்சுட்டுப் போறேன்."

சைபர் என்னைப் பார்த்தார். நான் என்ன, அவருக்கு வக்கீலா? "பில் நம்பர் இல்லாம என்னால வரவு வைக்க முடியாது சார்" என்றேன். முன்பணம் என்று வேண்டுமானால் வைக்கலாம். அவர் கேட்டாரா, நான் சொல்வதற்கு?

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பேனாவை எடுத்தார், எழுதாத பேனா. அடுத்ததை எடுத்தார். "சரி, சரி. அஞ்சு வருஷம் நல்லா நடந்துக்கிட்டீங்க, அதனால நானே தள்ளுபடி பண்ணிடறேன். வெளில உட்காருங்க" என்றார். ஏதோ தன் சொத்தில் பாதியை எழுதி வைக்கிற தோரணை.

அக்கா என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். "என்னம்மா, உங்க சாரு எனக்குப் பிச்சை போடறாரா?" என்று கேட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை.

தள்ளுபடிப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டம் உண்டு. ரவுண்டிங் வித்தியாசம் ஒன்று, விலைத் தகராறு ஒன்று, வாராக்கடன் ஒன்று. ரவுண்டிங் என்று குறி போட்டால் கடைக்காரருக்கு ஒரு கேடும் இல்லை, கணக்கு சுத்தமாகிவிடும். வாராக்கடன் என்றால் ஆள் பணம் கட்டாமல் ஏமாற்றிவிட்டார் என்று அர்த்தம். கம்ப்யூட்டர் அந்தப் பேரில் சிவப்பு அடையாளம் போட்டு, டெபாசிட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் டைல்ஸ்காரர் போன் போட்டு விசாரித்தால் நாங்கள் அதைத்தான் சொல்லியாக வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் படிவம் முதலாளி அறைக்குப் போய்க் கையெழுத்தோடு திரும்பி, பதிவுக்கு என் மேஜைக்கு வந்தது. நம் முதலாளி படிக்கிற வழக்கம் கிடையாது. பேனா நுனி காகிதத்தில் எங்கே பட வேண்டும் என்று காட்டினால் போதும்.

மூன்றாவது கட்டத்தில் குறி போட்டிருந்தது.

ஏன் என்று எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. ரவுண்டிங் என்று போட்டால் அந்தக் கழுவின தட்டில் ஒரு கறை விழும். வாராக்கடன் கணக்கில் ஏற்கெனவே பெரிய பெரிய தொகைகள் கிடக்கின்றன, அந்தக் கும்பலில் இதுவும் போய் ஒளிந்துகொள்ளும். ஷீல்டு பிழைக்கும். எதிரே உட்கார்ந்திருக்கிற பொம்பளை பிழைத்தால் என்ன, பிழைக்காவிட்டால் என்ன!

நான் பதியவில்லை. படிவத்தை அக்கா முன்னால் வைத்தேன். "அக்கா, அந்தக் காரணத்தப் படிங்க" என்றேன்.

அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒருமுறை மனசுக்குள், ஒருமுறை வாய்விட்டு. இரண்டாவது தடவை படித்தது கிடங்கில் மூட்டை இறக்குகிறவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

"வாராக்கடனா? என் பேர்லயா? யோவ்! வெளிய வாய்யா!"

சைபர் வெளியே வந்தார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "மெதுவா பேசுங்கம்மா, இது ஆபீஸு…"

"என் வீட்டுக்காரர் செத்த மாசம்கூட உங்க பில்ல நான் நிறுத்தல. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல, ஆனா உங்க பணம் வந்துச்சு. கேளு இந்தப் பொண்ண! என் பேர திருடிங்கற லிஸ்ட்ல எழுதறியே, உனக்குக் கூசல?"

"திருடின்னு யாரும்மா சொன்னது? அது வெறும் ஒரு… ஒரு வகைப்பாடு."

வகைப்பாடாம்! அக்காவுக்குக் குரல் உடைந்துவிட்டது. அதுவரைக்கும் அந்த மனுஷியின் கண்ணில் நான் தண்ணீர் பார்த்ததில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு, படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "இத மாத்தற வரைக்கும் நான் எழுந்திருக்கப் போறதில்ல. வெள்ளிக்கிழமை இங்கயே வரட்டும்."

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். பெரிய உடம்பு, தூக்கத்திலிருந்து எழுப்பியது போல ஒரு முகம். "என்னப்பா இங்க? இவங்க நம்ம பெயிண்ட் கடை அம்மாதானே? இவங்களுக்கு என்ன?"

நான் முந்திக்கொண்டேன். விட்டால் சைபர் வகைப்பாட்டில் ஆரம்பிப்பாரே. "சார், இவங்க பேர்ல ஆயிரத்துச் சொச்சம் நிக்குது. ஒரு காசுகூட இவங்களோடது இல்ல. போன வருஷம் எல்லாக் கடையோட ரவுண்டிங் சில்லறையும் இவங்க கணக்குக்கு மாத்தியிருக்கு."

முதலாளி சைபரைப் பார்த்தார். "அப்படியா?"

"சார், அது… தள்ளுபடி வரக்கூடாதுன்னு… நம்ம பாலிசி…"

"யாரு சொன்ன பாலிசி? சில்லறைன்னா சில்லறைன்னு எழுதிக் கொண்டாந்தா கையெழுத்துப் போட மாட்டேனா? எதுலதான் நான் கையெழுத்துப் போடாம இருந்திருக்கேன்?" அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"இல்ல சார், நீங்கதானே அந்த ஷீல்டு… தள்ளுபடி இல்லாத கணக்குன்னு…"

"எந்த ஷீல்டு?"

சைபர் கண்ணாடித் தடுப்புக்குள் கையைக் காட்டினார். முதலாளி எட்டிப் பார்த்தார், கண்ணைச் சுருக்கினார்.

"அதுவா? அந்த வருஷம் எல்லாருக்கும் குடுத்தோமேப்பா. டஜன் கணக்குல வாங்கினா விலை குறைச்சுப் போட்டான். யாருக்கு என்னன்னு எழுதறதுன்னு தெரியாம உட்கார்ந்து யோசிச்சாங்க. நம்ம டிரைவருக்குக்கூட ஒண்ணு போச்சு, பஞ்சர் ஆகலன்னு."

சத்தம் கேட்டு ஏறி வந்த கிடங்கு மேஸ்திரி படிக்கட்டில் நின்றுகொண்டே களுக்கென்று சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பாவம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. டஜனில் ஒன்றுக்காக ஒருத்தியின் கடையை மூடப் பார்த்த மனுஷனுக்கு எதற்குப் பாவம்?

முதலாளி புதுப் படிவம் கேட்டார். "நீயே எழுது" என்று சைபரிடம் நீட்டினார். அக்கா எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். முதல் கட்டத்தில் குறி. விளக்கம் என்ற இடத்தில் 'சில்லறை வித்தியாசம்' என்று சைபர் ஆரம்பித்தார்.

"யாரோடதுன்னு எழுதுங்க" என்றார் அக்கா.

'பிற வாடிக்கையாளர்களின்' என்று முன்னால் சேர்த்தார். பேனா அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது. என் பேனாவைக் கொடுத்தேன்.

நான் பதிந்தேன். அக்கா கணக்கு பூஜ்யத்துக்கு வந்தது. கம்ப்யூட்டர் கடிதம் அடித்தது, டெபாசிட் காசோலை அன்றைக்கே கைக்குப் போனது. அந்த வருஷச் சில்லறையையும் பட்டியல் எடுத்து அதே மத்தியானம் ஒழுங்காக எழுதித் தள்ளினோம். ரவுண்ட் ஆஃப் அமைப்பை மாற்றச் சொல்லி சாஃப்ட்வேர்காரர்களுக்கு நானே போன் போட்டேன். கழுவித் துடைத்த தட்டில் இரண்டு வரி விழுந்தது. கம்பெனி ஒன்றும் மூழ்கிப் போகவில்லை. ஆடிட்டர் பார்த்தார், தலையாட்டினார், டீ கேட்டார்.

சைபர் அடுத்த வருஷம் ஓய்வு பெற்றார். வேலையை விட்டு யாரும் அனுப்பவில்லை. இப்படிப்பட்டவர்களை யாரும் அனுப்புவதில்லை. ஷீல்டைச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

போன மாதம் என் வீட்டு ஜன்னலுக்குப் பெயிண்ட் வாங்க அக்கா கடைக்குப் போயிருந்தேன். இரண்டு ஷட்டர், முன்னால் நிழல், உள்ளே டைல்ஸ் அடுக்கு. எனக்கு முன்னால் கல்லாவில் யார் நிற்கிறார் என்று பார்த்தால், நம்ம ஆள்! பக்கத்தில் மனைவி, கையில் ஒரு சின்ன டப்பா வார்னிஷும் பிரஷும். அக்கா கடை என்று தெரியாமல் வந்தாரா, விலை குறைச்சல் என்று தெரிந்தே வந்தாரா, யார் கண்டது?

அக்கா பில்லை நீட்டினார். சைபர் அடி வரியைப் பார்க்காமல், சாமான் விலையைத் தானே இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். நோட்டுகளை எண்ணி வைத்தார். அப்புறம் சட்டைப் பை, கால்சட்டைப் பை, பர்ஸின் மூலை எல்லாம் துழாவினார். எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

"நாப்பது காசு குறையுது" என்றார் மெதுவாக. "சில்லறை இல்ல."

"விடுங்க சார்" என்றார் அக்கா. "எழுதித் தள்ளியாச்சு. கீழ பாருங்க, ரவுண்ட் ஆஃப்னு போட்டிருக்கு."

சைபர் குனிந்து பார்த்தார். பில்லின் அடியில் நாற்பது காசு கழிவு என்று ஒரு வரி இருந்தது.

"என் கடையில அதுக்குன்னு தனிக் கணக்கு இருக்கு சார்" என்றார் அக்கா. "இன்னொருத்தர் பேர்ல எழுதறதில்ல."

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இந்தத் தடவை கண்ணிலும் இருந்தது. சைபர் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நிழலில் நின்று, பில்லை விரித்து, இன்னொரு முறை கூட்டிப் பார்த்தார்.